லடாக் மடங்களின் மண்சுவர்கள்

லடாக்கின் மலை மடங்கள் ஏன் கோட்டை போல இருக்கின்றன?

இந்தப் புத்த மடங்களைக் கோம்பா என்பர். திக்சே கோம்பா ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அங்கே காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால் பகலில் வெயில் சுட்டாலும் இரவில் வெப்பம் விரைவாக வெளியேறிவிடும். சுடாத மண்கல்லால் எழுப்பிய தடித்த சுவரோ, அடுப்பு அணைந்த பின்னும் சூடு ஆறாத மண்சட்டியைப் போல, பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் மெல்ல உள்ளே விடுகிறது. மேலே போகப் போகச் சுவர் மெலிவதால் பாரம் குறைகிறது. அந்தச் சாய்வுதான் கோட்டைத் தோற்றத்தைத் தருகிறது. துகாங் எனப்படும் வழிபாட்டுக் கூடத்தில் சன்னல்கள் குறைவு என்பதால் வெளிச்சம் பெரும்பாலும் கூரைத் திறப்பு வழியே வருகிறது. கட்டடங்கள் சூழ்ந்த முற்றத்தில் காற்றின் வேகம் தணிகிறது. மழை மிகக் குறைவு என்பதால், பாப்லர் உத்திரங்களின்மேல் வில்லோ குச்சிகளைப் பரப்பி மண் பூசிய தட்டைக் கூரையே போதுமானதாக இருந்தது. ஆனால் கனமழை பெய்தால் அதுதான் முதலில் ஒழுகும்.

இச்சுவர்கள் பகைவரைத் தடுக்க மட்டுமே எழுந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். காவலும் ஒரு காரணமே என்றாலும், குளிரும் அவற்றின் தடிமனைத் தீர்மானித்தது.