பீரோவைத் திறந்து வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தண்டையார்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். என் அப்பா பெரம்பூர் ஆலையில் வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய புத்தகங்கள், பைண்டு செய்த பத்திரிகைத் தொகுப்புகள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், பேனா மையில் எழுதிய நாட்குறிப்புகள் எல்லாம் ஓர் இரும்பு பீரோவில் இருக்கின்றன. 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரவில்லை. ஆனால் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. அதிலிருந்து மழைக்காலம் வந்தாலே பீரோவில் பூசண வாடை. இந்த முறை அட்டைகளில் சாம்பல் நிறப் பூஞ்சையும் படர்ந்திருக்கிறது. கிருமிநாசினி நனைத்த துணியால் நானும் மகளும் துடைத்தோம். அந்துருண்டை போட்டேன். சிலவற்றை பாலிதீனில் சுற்றிவைத்தேன். வாடை போகவில்லை, மகளுக்குத் தும்மல்தான் வந்தது. வெயிலில் போடலாமா? மருந்து ஏதும் உண்டா? பழுப்புப் புள்ளிகளை எடுக்க வழி உண்டா? எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுப் போட்டுவிடலாம் என்கிறார் என் மைத்துனர். அவர் வீட்டில் ஏசி அறையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ந., தண்டையார்பேட்டை

அன்புள்ள ந.,

முதலில் மகளை அந்த பீரோவிடமிருந்து தள்ளி வையுங்கள். தும்முகிற குழந்தையிடம் பூஞ்சை பிடித்த அட்டையைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னீர்களே, எந்தப் புத்தகத்துக்காக அது? இனி அந்த வேலை உங்களுடையது மட்டும். என்-95 முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும்.

பழுப்புப் புள்ளிகளை விடுங்கள். அவை போகாது, போக்கவும் வேண்டாம். ஸ்கேன் செய்வது நல்லதுதான். ஆனால் அது வேறு வேலை, பூஞ்சைக்கு வைத்தியம் அல்ல. மருந்தும் கிடையாது. பூஞ்சையின் வித்துகள் நீங்களும் நானும் மூச்சில் இழுக்கும் காற்றிலேயே இருக்கின்றன. அட்டையில் இருப்பதைக் கொன்றாலும் அடுத்த நிமிடம் வேறு வந்து உட்காரும். சுற்றியுள்ள ஈரப்பதம் நூற்றுக்கு 65, 70-ஐத் தாண்டி நீடித்தால் அவை முளைக்கும். 60-க்குக் கீழே இருந்தால் சும்மா கிடக்கும். ஈரத் துணியால் துடைத்ததில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். நாட்குறிப்பைத் துடைக்கவில்லை என்று நம்புகிறேன். பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும். உங்கள் அப்பாவின் கையெழுத்தை யாராலும் திரும்ப எழுதித் தர முடியாது.

இனி பீரோவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சிறுவயதில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு படிப்பகத்தில்தான் நான் வாசிக்கக் கற்றேன். ஆலையில் ஷிப்டு முடிந்து வரும் ஒரு பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டார். புத்தகங்கள் திறந்த மர அலமாரியில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி இருக்கும். கீழ்த்தட்டில் எதையும் வைக்க விடமாட்டார். கத்திரி வெயில் நாட்களில் எங்களைக் கூப்பிட்டு, மாடிக் கொட்டகையின் நிழலில் புத்தகங்களை விரித்து நிற்கவைக்கச் சொல்வார். வெயில் ஓர் இழைகூடப் படக்கூடாது. மேற்கிலிருந்து அனல் காற்று வீசும் நேரம் அது. பிற்பகலில் காற்று திரும்பிக் கடல் பக்கமிருந்து குளிர்ச்சியாக வரத் தொடங்கியதும், எங்களுக்கு ஆனந்தமாக இருக்கும். அவருக்குப் பதற்றம் வந்துவிடும். “கடல் காத்து ஏறுது, உள்ளே கொண்டுபோ” என்று கத்துவார். எனக்குத் தெரிந்து சென்னையின் பருவநிலையைப் புத்தகத்துக்காகப் படித்த ஒரே மனிதர் அவர். சித்திரை, வைகாசியில் நிலக்காற்று வீசும் அந்தச் சில மணி நேரம்தான் நம் ஊரில் காற்று உண்மையில் உலர்ந்திருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? சரஸ்வதி பூஜைக்கு, வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது, புத்தகத்தை வெளியே எடுத்துத் தூசி தட்டிப் பொட்டு வைத்து மறுபடி பூட்டுகிறோம்.

அவருக்குப் பிறகு வந்த நிர்வாகம் இரும்பு பீரோக்கள் வாங்கியது. பூட்டும் அந்துருண்டையும் வந்தன. சாவி ஒருவர் இடுப்பில் இருந்தது. சில மழைக்காலங்களுக்குப் பிறகு திறந்து பார்த்தபோது பின்பக்க வரிசை முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. எடைக்குப் போட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பீரோவின் குற்றம் என்ன? அது காற்றோட்டம் உள்ளதும் அல்ல, காற்றுப் புகாததும் அல்ல. கதவிடுக்கு வழியாக மழைக்கால ஈரக்காற்று மெல்ல உள்ளே போகும். வெளியேற அசைவு இருக்காது. முதுகு ஓதம் ஏறிய சுவரில் ஒட்டியிருந்தால் பின்தகடு குளிர்ந்து, அந்த மூலையில் ஈரப்பதம் இன்னும் கூடும். பூஞ்சை பின்வரிசையில் தொடங்குவது அதனால்தான். அந்துருண்டை பூச்சிக்கானது, பூஞ்சையை ஒன்றும் செய்யாது. வாடையின் மேல் இன்னொரு வாடையை ஏற்றி, நமக்கு வந்துகொண்டிருந்த எச்சரிக்கையை மறைக்கும். அதன் ஆவி மூச்சுக்கும் ஆகாது. அதை எடுத்து எறியுங்கள். நமத்துப்போன அப்பளத்தை டப்பாவில் போட்டு இறுக மூடினால் மொறுமொறுப்பாகிவிடுமா? பாலிதீனில் நீங்கள் சுற்றிவைத்தவை அப்படித்தான் இருக்கின்றன. இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

வாடையை அல்ல, தண்ணீரை விரட்ட வேண்டும். புத்தகத்துக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அளக்கலாம். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கும். புத்தகத்தையும் அதையும் ஒரு தடித்த ஜிப் பையில் போட்டு, காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றி மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள் வையுங்கள். பைக்குள் இருக்கும் கொஞ்சம் காற்று புத்தகத்தின் ஈரத்துக்கு இணங்கிவிடும். மறுநாள் தெரியும் எண் புத்தகத்தின் எண்.

ராயபுரத்தில் ஒரு நண்பரின் பைண்டு தொகுப்பை இப்படி அளந்தோம். நவம்பர் மாதம், அறையில் 80, பைக்குள் 79. அவர் மின்விசிறியின் கீழே அதை விரித்து வைத்தார். வாடை வெகுவாகக் குறைந்தது. காய்ந்துவிட்டது என்று மகிழ்ந்தார். மறுபடி பையில் போட்டால் 77. விசிறி வாடையை அடித்துக்கொண்டு போனதே தவிர, தண்ணீர் அப்படியே இருந்தது. அறைக் காற்று 80-இல் இருக்கும்போது எந்தப் புத்தகமும் அதற்கு வெகுவாகக் கீழே காயாது. மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துப் புத்தகம் உலர்த்துகிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பிறகு ஏசி ஓடும் அறையில், மேசைமேல் விசிறி மடிப்பாக நிற்கவைத்தோம். 68-க்கு வந்தது, பிறகு 58. அங்கே நிறுத்தக்கூடாது. இரண்டு நாள் மூடிவைத்துத் திரும்ப அளந்தபோது 63 காட்டியது. முதுகுத் தையல் பக்கம் ஒளிந்திருந்த ஈரம் மெல்ல வெளியே வந்திருக்கிறது. மறுபடி விரித்தோம். இரண்டாவது முறையும் 60-க்குக் கீழே நின்ற பிறகுதான் காய்ந்தது என்று ஒப்புக்கொண்டேன்.

புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து பீரோவில் போடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன். 50 ஈரப்பதத்தில் இருக்கும் காகிதத்தில் எடையில் நூற்றுக்கு 6, 7 பங்கு தண்ணீர் உண்டு. 80-இல் அது 10-ஐத் தொடும். பத்து கிலோ புத்தகம் என்றால் நீக்க வேண்டியது 300, 400 கிராம் தண்ணீர். இரண்டு தம்ளருக்குக் கொஞ்சம் குறைவு. சிலிக்கா ஜெல் தன் எடையில் சுமார் கால் பங்கு இழுக்கும். ஆக ஒன்றரை கிலோவாவது வேண்டும். ஒரு கிராம் பொட்டலம் ஐந்தைப் போட்டுவிட்டுத் தூங்கினால் எப்படி? அது காய்ந்ததைக் காய்ந்தபடி காக்க உதவும். நனைந்ததைக் காயவைக்க அல்ல.

வெயிலில் போடலாமா என்றால், கூடாது. துண்டறிக்கைகளும் பழைய பத்திரிகைகளும் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை. நேர்வெயிலில் அந்தத் தாள் மஞ்சளித்து, மடித்தால் ஒடியும் நிலைக்கு வந்துவிடும். அட்டை வளையும், பசை வெடிக்கும்.

காய்ந்த பிறகுதான் பூஞ்சையைத் தட்ட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, மென்மையான தூரிகையின் நுனியால் தொடுங்கள். இழுபட்டு அப்பினால் இன்னும் உயிரோடு இருக்கிறது. திரும்பப் போய் உலர்த்துங்கள். பொடியாகப் பறந்தால் வேலை தொடங்கலாம். மொட்டைமாடியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். மூடிப் பிடிக்காவிட்டால் பொடி பக்கங்களுக்குள் போகும். மின்விசிறி ஓடும் அறைக்குள் செய்தால் வீடு முழுக்க விதைத்தது போலத்தான்.

மிச்ச வாடைக்கு, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோ செயலூட்டிய கரியோ வைத்து, அதைத் தொடாதபடி புத்தகத்தை விரித்து நிற்கவைத்து மூடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். முழுக்கப் போகாமலும் இருக்கலாம். அடங்கிய வாடை திடீரென்று திரும்பினால் சோடாவை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், ஈரப்பதமானியை எடுங்கள்.

அதன் பிறகு இரண்டே வழி. ஒன்று, உள்சுவர்ப் பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொடங்கும் திறந்த அலமாரி. மற்றொன்று, ரப்பர் விளிம்புள்ள, உண்மையிலேயே காற்றுப் புகாத பெட்டி. அளந்து காய்ந்ததை மட்டும் உள்ளே வைத்து, ஈரப்பதமானியையும் கூடவே வைத்து மூட வேண்டும். நாட்குறிப்புகளுக்கும் துண்டறிக்கைகளுக்கும் பெட்டி, புத்தகங்களுக்கு அலமாரி. பீரோவில் துணி வையுங்கள்.

வைகாசி வரை காத்திருக்க நேரமில்லை. ஸ்கேன் யோசனை சொன்ன மைத்துனரிடம் அந்த ஏசி அறையைக் கேளுங்கள். எல்லாவற்றையும் தூக்கிப் போகாதீர்கள். பூஞ்சை அப்பும் நிலையில் இருப்பவற்றைத் தனியே பையில் கட்டிக் கொண்டுபோய், யாரும் படுக்காத அறையாகப் பார்த்து விரியுங்கள். குளிர்ந்த புத்தகத்தை வெளியே கொண்டுவரும்போது பையில் போட்டு மூடியே கொண்டுவாருங்கள். வெளிச்சூடு ஏறும்வரை பிரிக்கக்கூடாது, பிரித்தால் அட்டைமேல் வியர்க்கும். முதலில் நாட்குறிப்புகள். அவற்றின் எண்ணை எனக்கு எழுதுங்கள்.