டொராண்டோவில் இருக்கும் மகளுக்கு எந்நேரம் செய்தி அனுப்பலாம்?

கேள்வி: என் மகள் குடும்பத்துடன் கனடாவில் டொராண்டோ நகரில் வசிக்கிறாள். காலை பூஜை முடிந்து பத்து மணிக்கு நான் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி, அங்கே குழந்தை தூங்கும் நேரத்தில் ஒலிக்கிறதாம். மாலை ஐந்து மணிக்கு மாற்றினேன். கோடையில் சரியாக இருந்தது, நவம்பரில் அதுவும் சீக்கிரம் என்கிறாள். குறித்த நேரத்தில் தானாகச் செய்தி அனுப்பும் செயலி ஒன்று ஆண்டுச் சந்தாவுக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வாங்க வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படுவது பொருத்தமான ஒரு நேரம்; அதைக் கட்டணமின்றியே கண்டுபிடித்துவிடலாம்.

இந்திய நேரம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. டொராண்டோவிலோ மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்து, நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை பழையபடி பின்னே கொண்டுவருகிறார்கள். இதனால் கோடைக்காலத்தில் அவர்கள் நமக்கு ஒன்பதரை மணி நேரமும், குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பும் மாலை ஐந்து மணிச் செய்தி கோடையில் அங்கே காலை ஏழரைக்குப் போய்ச் சேரும். நவம்பர் மாற்றத்துக்குப் பிறகு அதே செய்தி ஆறரைக்கே போய்விடும். காலை பத்து மணி எந்தப் பருவத்திலும் உதவாது, ஏனெனில் கோடையில் அது அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை, குளிர்காலத்தில் இரவு பதினொன்றரை.

ஆகவே, ஒரு மணி நேரம் முன்பின் ஆனாலும் யாருக்கும் இடைஞ்சல் தராத நேரமே நமக்கு வேண்டும். உங்கள் இருவருக்கும் அது நம் விடியற்காலையில் அமைகிறது. நீங்கள் காலை ஆறு மணிக்கு அனுப்பினால், கோடையில் அவர்களுக்கு முந்தின நாள் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஏழரை. வேலை முடிந்து, சாப்பாட்டை ஒட்டிய அந்த நேரத்தில் படித்துப் பதில் எழுதவும் மகளுக்கு வாய்ப்பு உண்டு. குழந்தை எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்பதை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கே தூங்கிவிடும் என்றால், கோடை மாதங்களில் ஐந்தேகால் மணிக்கு அனுப்புங்கள், அங்கே ஏழே முக்கால் ஆகியிருக்கும். மாலையில்தான் அனுப்ப விருப்பம் என்றால், நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்தை ஆறாக மாற்றிக்கொள்வது போதும்.

கிழமையையும் கவனிக்க வேண்டும். நமக்குத் திங்கட்கிழமை காலை ஆறு மணி என்பது அங்கே ஞாயிறு இரவு. பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கு நம் நள்ளிரவு பிறந்ததும் வாழ்த்து அனுப்பினால், அது அங்கே முந்தின நாள் பிற்பகலில் போய் நிற்கும். ஜூன் மாதப் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை எழுந்திருக்கும் காலை ஏழு மணிக்கு வாழ்த்து கிடைக்க வேண்டுமானால், அதே தேதியில் நம் மாலை நாலரைக்கு அனுப்ப வேண்டும். ஜனவரியில் என்றால் ஐந்தரைக்கு. இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் செல்பேசியின் கடிகாரச் செயலியில் உலகக் கடிகாரப் பகுதிக்குள் டொராண்டோவைச் சேர்த்துவிட்டால், பருவ மாற்றத்தையும் சேர்த்து அதுவே சரியான நேரத்தைக் காட்டும்.

இனி அந்தச் செயலியைப் பற்றிச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு செல்பேசியில் வாட்ஸ்அப் செய்தியை உங்களுக்குப் பதிலாக அனுப்புவதாகச் சொல்லும் வெளிச் செயலிகள் பெரும்பாலும் Accessibility என்னும் அனுமதியைக் கேட்கின்றன. அதைக் கொடுத்தால், திரையில் தெரிவதைப் படிக்கவும் உங்கள் சார்பில் பொத்தான்களை அழுத்தவும் அந்தச் செயலியால் முடியும். வங்கிக் கணக்கும் அதே செல்பேசியில் இருக்கும்போது, ஒரு வாழ்த்துச் செய்திக்காக இவ்வளவு திறந்துவிடுவது எனக்குச் சிறிதும் ஏற்புடையதாக இல்லை. மேலும் திரை பூட்டியிருந்தால் இவற்றில் பல செயல்படுவதில்லை. நேரம் குறித்தே அனுப்ப வேண்டுமென்றால் ஜிமெயிலில் Schedule send என்ற வசதி இலவசமாகவே இருக்கிறது. டெலிகிராமில் அனுப்பும் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் Schedule Message என்று வரும். இரண்டிலும் நீங்கள் குறிப்பது உங்கள் செல்பேசி காட்டும் இந்திய நேரம். அதனால் அக்டோபரில் உட்கார்ந்து நவம்பர் நடுவில் போக வேண்டிய செய்தியைக் குறிக்கும்போது, அன்றைக்கு இருக்கப்போகும் பத்தரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்.

உடல்நலம் போன்ற அவசரச் செய்திக்கு இந்த நேரக் கட்டுப்பாடு பொருந்தாது. இரவில் செல்பேசியை ஒலிக்காதபடி வைத்திருந்தால், உங்கள் செய்தியை அவர் விடிந்துதான் பார்ப்பார். அழைத்துப் பேசுவதே வழி. உங்கள் எண்ணிலிருந்து வரும் அழைப்பு மட்டும் இரவிலும் ஒலிக்கும்படி அவருடைய செல்பேசியில் விலக்கு அமைத்துவைக்கச் சொல்லுங்கள்.