நட்பா, அதுக்கும் மேலயா?

“கூட வேலை செய்பவர் ராத்திரி பதினொரு மணிக்கு ‘இன்னைக்கு நீங்க இல்லாம ஆபீஸே போர்’ என்று அனுப்பியிருக்கிறார். என்ன பதில் போடுவது?”

எழுதியிருப்பதற்கு மட்டும் பதில் போடுங்கள், உங்கள் ஊகத்துக்கு வேண்டாம். “ஆமா, காய்ச்சல். நாளைக்கு வந்துடுவேன். அங்க என்ன விசேஷம்?” இவ்வளவு போதும். கடைசிக் கேள்விதான் முக்கியம். மேனேஜர் கத்தியது, கேண்டீன் சாம்பார் என்று கதை வந்தால் அநேகமாக நட்புதான். அதை விட்டுவிட்டு “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்று உங்களையே சுற்றிவந்தால் கொஞ்சம் கவனியுங்கள். அக்கறை எல்லாம் காதல் ஆகிவிடாது. சிலர் எல்லோரிடமும் அப்படித்தான். மற்றவர்கள் லீவு போட்டபோதும் இப்படி அனுப்பினாரா என்று பாருங்கள்.

இதயம் போட்ட எமோஜி வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்கள் குரூப்பில் போடுவது அதைவிட மோசம். குழப்பம் தீராவிட்டால், பிடித்திருந்தால், டீ குடிக்கக் கூப்பிட்டு நேரில் கேளுங்கள்.