எல்.எல்.ஆரில் கார் ஓட்டும்போது பக்கத்தில் யார் உட்கார வேண்டும்?

கேள்வி: என் மனைவி எல்.எல்.ஆர். வைத்துக் கார் பழகுகிறார். போன வாரம் என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனிடம் பைக் லைசென்ஸ் மட்டும்தான். கார் லைசென்ஸ் உள்ள நான் குழந்தையோடு பின்சீட்டில் இருந்தேன். பின்கண்ணாடியில் மட்டும் 'எல்' ஸ்டிக்கர். ஒரு ஆட்டோவின் பின்னால் இடித்து, ஓட்டுநருக்குக் கையில் அடி. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: எல்.எல்.ஆர். தனியே நின்று செல்லுபடியாகும் லைசென்ஸ் அல்ல. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டக்கூடாது என்ற தடையிலிருந்து மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 3-வது விதி தரும் விலக்கு அது. அதன் நிபந்தனைகளை மீறினால் விலக்கு போய்விடும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கூட வருபவர் டிரைவிங் ஸ்கூல்காரராக இருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வகை வண்டிக்கான, காலாவதியாகாத லைசென்ஸ் அவரிடம் இருக்க வேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். உங்கள் காரில் இந்த இரண்டும் இரண்டு பேரிடம் பிரிந்து கிடந்தன. ஹேண்ட்பிரேக் எட்டும் இடத்தில் இருந்தவரிடம் கார் லைசென்ஸ் இல்லை, லைசென்ஸ் உள்ளவருக்குக் கை எட்டாது. இடம் மாறி உட்கார்ந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

'எல்' முன்னும் பின்னும் வேண்டும். குறைந்தது 18 செ.மீ. சதுர வெள்ளைப் பின்னணியில், குறைந்தது 10 செ.மீ. உயரத்தில் சிவப்பு எழுத்து. கடையில் விற்கும் குட்டி ஸ்டிக்கர்கள் பல இந்த அளவுக்கு வராது, வாங்கும்போது ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

ஆட்டோ ஓட்டுநரின் இழப்பீட்டை இதைச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது. 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் லைசென்ஸ் பெற்றவரே என்றது. மீறல் விபத்துக்கே காரணமாக இருந்ததைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும் என்றும் சொன்னது. முன்பக்க 'எல்' இல்லாததால் முன்னால் போன ஆட்டோ இடிபட்டது என்று யாரும் வாதாட முடியாது. ஆனால் பக்கத்தில் தகுதியான ஆள் இல்லை என்பது கனமான வாதம். அது எடுபட்டால், கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கலாம்.

உங்கள் காரின் சேதம் வேறு கதை. பாலிசியிலேயே "3-வது விதிக்கு உட்பட்டு" என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். அந்தக் கிளெய்மை மறுக்க வாய்ப்பு அதிகம்.

போலீஸ் பக்கம், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 181-வது பிரிவில் மனைவி மீதும், ஓட்ட விட்டதற்கு 180-வது பிரிவில் வண்டி உரிமையாளர் மீதும் வழக்கு வரலாம். அபராதம் தலா 5,000 ரூபாய். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. காயத்துக்கான வழக்கு தனி.

ஓட்டியது நீங்கள்தான் என்று மாற்றிச் சொல்ல யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். ஆட்டோ ஓட்டுநரின் வாக்குமூலம் ஒன்றே அதைக் கவிழ்த்துவிடும். பொய் சொன்னதற்காகவே மொத்த கிளெய்மும் போகும். உண்மையை எழுதி உடனே கம்பெனிக்குத் தகவல் கொடுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால், பாலிசியோடு அதையும் எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.