குதிரை வண்டிக் கணக்கு: எதை எதிலிருந்து கழிக்கிறோம்?

கேள்வி: குதிரை வண்டியை இழுக்கிற அதே விசையோடு வண்டியும் குதிரையைப் பின்னால் இழுக்கிறது என்கிறார்கள். அப்படியானால் இரண்டும் கழிந்து பூஜ்யம்தானே வரவேண்டும், வண்டி எப்படி நகர்கிறது?

கழிக்கக் கூடாத இரண்டைக் கழித்துவிட்டீர்கள், சிக்கல் அங்கேதான். குதிரை இழுக்கும் விசை வண்டியின் மேல் விழுகிறது. வண்டி இழுக்கும் விசை குதிரையின் மேல் விழுகிறது. வண்டி நகருமா என்று பார்க்கும்போது வண்டியின் மேல் விழும் விசைகளை மட்டும்தான் எண்ண வேண்டும், குதிரைக்கு என்ன ஆகிறது என்பது அந்தக் கணக்கில் வரவே வராது. எதிர் வீட்டுக்காரர் கடனை என் சம்பளத்தில் கழித்துவிட்டு, கையில் ஒன்றும் மிஞ்சவில்லையே என்று உட்கார்ந்திருப்பது போலத்தான் இது.

நான் பள்ளியில் இதே கேள்வியைக் கேட்டபோது கிடைத்த பதில், "குதிரைக்கு பலம் ஜாஸ்திடா, அது கொஞ்சம் அதிகமா இழுக்கும், அதான் நகருது." பல வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் இணையத்தில் பாதிப் பேர் இதையே வேறு வார்த்தையில் எழுதுகிறார்கள்: கிளம்பும் அந்த ஒரு நொடி மட்டும் குதிரையின் இழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்குமாம், வேகம் எடுத்த பிறகு சமமாகிவிடுமாம். தவறு. நின்றாலும், கிளம்பினாலும், வேகம் கூடினாலும், பிரேக் பிடித்தாலும் இரண்டும் எப்போதும் சமம்தான். நியூட்டனே 1687-ல் வந்த பிரின்சிபியா புத்தகத்தில், எந்த விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்கிற தன் மூன்றாம் விதியை விளக்கக் குதிரையைத்தான் கூப்பிடுகிறார். கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால், அதே அளவுக்குக் குதிரையும் கல்லை நோக்கிப் பின்னுக்கு இழுக்கப்படும் என்கிறார். கிளம்பும்போது மட்டும் ஒரு விதிவிலக்கு என்றெல்லாம் அதில் எதுவும் கிடையாது.

சரி, ஒரு ஜட்காவை எடுத்துக்கொண்டு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். குதிரை 300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களோடு வண்டி 400 கிலோ. சக்கரம் உருளும்போது தரையும் அச்சும் சேர்ந்து 120 நியூட்டன் அளவுக்கு வண்டியைத் தடுக்கின்றன (10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ அரிசியைக் கையில் தூக்கிப் பிடிக்கும் பாரம், அதனால் இந்தத் தடை 12 கிலோ மூட்டை மாதிரி). வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொரு நொடியும் நொடிக்கு அரை மீட்டர் வீதம் வேகம் கூடுகிறது, அதாவது முடுக்கம் 0.5.

முதலில் வண்டியை மட்டும் பாருங்கள், குதிரையை மறந்துவிடுங்கள். F = ma என்பதன்படி 400 கிலோவுக்கு 0.5 முடுக்கம் வர 200 நியூட்டன் மிஞ்ச வேண்டும். தடை 120-ஐத் தின்றுவிடும். ஆக குதிரை வண்டியை 320 நியூட்டனில் இழுத்தாக வேண்டும். முன்னால் 320, பின்னால் 120, மிச்சம் 200, வண்டி கிளம்பிவிட்டது. இந்தக் கணக்கில் வண்டி குதிரையை இழுக்கும் விசை எங்கேயாவது வந்ததா? வரவில்லை, ஏனென்றால் அது வண்டியின் மேல் இல்லை.

இப்போது குதிரையின் பக்கம். அதே 320 நியூட்டன் குதிரையைப் பின்னால் இழுக்கிறது, ஒரு நியூட்டன் கூடக் குறையாமல். குதிரையும் வண்டியோடு அதே முடுக்கத்தில் போக வேண்டும், 300 கிலோவுக்கு அதற்கு 150 நியூட்டன் மிஞ்ச வேண்டும். ஆகவே ஏதோ ஒன்று குதிரையை 470 நியூட்டனில் முன்னுக்குத் தள்ளியாக வேண்டும். எது? வண்டி இல்லை, வண்டி பின்னாலல்லவா இழுக்கிறது. குதிரையே தன்னைத் தள்ளிக்கொள்ளவும் முடியாது. மிச்சம் இருப்பது தரை ஒன்றுதான். குதிரை குளம்பால் தரையைப் பின்னுக்கு 470-ல் உதைக்கிறது, தரை குதிரையை முன்னுக்கு 470-ல் தள்ளுகிறது. இதுவும் மூன்றாம் விதி ஜோடிதான். விதி வண்டியை நிறுத்துகிறது என்று நினைத்தோமே, அந்த விதிதான் குதிரையை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஒரே வேகத்தில் ஓடத் தொடங்கியதும் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். முடுக்கம் பூஜ்யம், அதனால் வண்டிக்குத் தேவை தடையைச் சமாளிக்க 120 மட்டும், தரை குதிரையைத் தள்ளுவதும் அதே 120. கிளம்பும்போது குதிரை முன்னால் சாய்ந்து, கழுத்தை இறக்கி, பின்னங்காலை மடக்கி உதைப்பதும், ஓட ஆரம்பித்ததும் தலையை நிமிர்த்திக்கொண்டு லகுவாகப் போவதும் 470-க்கும் 120-க்கும் உள்ள அந்த வித்தியாசம்தான்.

இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்த்தால்தான் உங்கள் கழித்தல் சரி. குதிரையும் வண்டியும் சேர்ந்த 700 கிலோ மொத்தத்துக்கு அந்த இரண்டு 320-ம் உள்ளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல், கழிந்துபோகும். கழிந்த பிறகும் வெளியிலிருந்து வரும் 470-ம் 120-ம் அப்படியே நிற்கின்றன. மிச்சம் 350, அதை 700-ஆல் வகுத்தால் மறுபடி 0.5. தரையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மட்டும்தான் பூஜ்யம் வரும். பழுதான காருக்குள் உட்கார்ந்துகொண்டு டாஷ்போர்டை எவ்வளவு தள்ளினாலும் கார் நகராது, கீழே இறங்கி ரோட்டில் காலை ஊன்றித் தள்ளினால்தான் நகரும் என்பதும் இதே சங்கதி.

அப்போ பூமி பின்னால் போகாதா என்று அடுத்த கேள்வி வரும். போகும். குதிரை பின்னுக்கு 470, வண்டிச் சக்கரம் முன்னுக்கு 120, மிச்சம் 350 நியூட்டன் பூமியைப் பின்னால் தள்ளுகிறது. பூமியின் நிறை ஏறக்குறைய 6 × 10²⁴ கிலோ. வகுத்துப் பார்த்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு 22 பூஜ்யம் போட்டு அப்புறம் ஒரு 6 வருகிறது. விசை சமமாக இருந்தால் விளைவும் சமமாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இந்தச் சமத்தை நம்ப முடியவில்லை என்றால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். விமானத்துக்குப் போகிறவர்கள் பெட்டி எடை பார்க்க வைத்திருக்கும் கொக்கித் தராசு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், முள் காட்டும் வகையாக இருந்தால் நல்லது, டிஜிட்டல் வகை ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடும். ஒன்றின் கொக்கியை மற்றதன் கொக்கியில் மாட்டி, ஒன்றின் பிடியைச் சக்கரப் பெட்டியில் கட்டி, மற்றதைப் பிடித்து இழுங்கள். ஒரு தராசு நீங்கள் இழுப்பதைச் சொல்கிறது, இன்னொன்று பெட்டி இழுப்பதை. மெதுவாக இழுத்தாலும் வெடுக்கென்று இழுத்தாலும் இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். (தராசுக்கும் கொஞ்சம் எடை இருப்பதால் வெடுக்கென்று இழுக்கும்போது இம்மியளவு வித்தியாசம் வரலாம், முள்ளில் தெரியாது.) பெட்டி மட்டும் உங்கள் பக்கம் வந்துகொண்டே இருக்கும். என்னிடம் டியூஷன் படித்த ஒரு பையன் இதைச் செய்து பார்த்துவிட்டு, "அப்ப ஜெயிக்கிறது யார் சார்?" என்று கேட்டான். காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, பெட்டியில் புத்தகங்களைத் திணித்து, சக்கரத்துக்கு முன்னால் ஒரு தடிப்பான கால்மிதியை வைத்து, வழவழ டைல்ஸில் நின்று இழுடா என்றேன். பெட்டி அசையவில்லை, அவன்தான் பெட்டியை நோக்கி வழுக்கிக்கொண்டு போனான். முள் இரண்டும் அப்போதும் ஒரே எண்ணில்தான் நின்றன.

பலசாலிக் குதிரையும் தோற்கும் இடம் அதுதான். தரை எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளித் தராது. உராய்வுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அது குளம்பு தரையை எவ்வளவு அழுத்துகிறது, தரை எவ்வளவு சொரசொரப்பு என்ற இரண்டையும் பொறுத்தது. 300 கிலோ குதிரை தரையை ஏறக்குறைய 3000 நியூட்டனில் அழுத்தும். மழையில் பாசி பிடித்த கல்தரையில் இரும்பு லாடத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கு பிடிமானம்தான் கிடைக்கிறது என்று வையுங்கள், 300 நியூட்டன். நமக்குத் தேவை 470. எவ்வளவு பலம் இருந்தாலும் அந்த அவசரத்தில் கிளம்பினால் குளம்பு சறுக்கும். மெதுவாகக் கிளம்பினால் முடியும்: 300-ல் 120 தடைக்குப் போக 180 மிச்சம், 700 கிலோவுக்கு ஏறக்குறைய 0.25 முடுக்கம். ஈரத்தில் சாட்டையை எடுக்காமல் நாக்கைச் சொடுக்கி மெள்ள நடத்துகிற வண்டிக்காரர் சரியாகத்தான் செய்கிறார்.

ஜட்காவில் போனவர்களுக்கு இன்னொன்று ஞாபகம் இருக்கும். "பின்பாரமா இருக்கு, முன்னாடி நகருங்க" என்று வண்டிக்காரர் சத்தம் போடுவார். இரண்டு சக்கர வண்டியில் ஆட்கள் அச்சுக்குப் பின்னால் குவிந்தால் முன்னால் இருக்கும் ஏர்க்கால்கள் மேலே எழும்பும், குதிரையின் வயிற்றைச் சுற்றிய வார் அதையும் சேர்த்து மேலே தூக்கும். ஏர்க்கால்கள் 50 கிலோ அளவுக்குத் தூக்கினால் குளம்பின் அழுத்தம் 3000-லிருந்து 2500 ஆகிவிடும், பாசித் தரையில் கிடைத்த 300 நியூட்டனும் 250 ஆகிவிடும். ஒருத்தர் நகர்ந்து முன்னால் உட்கார்ந்தால் வண்டியின் எடை ஒரு கிராம் கூடக் குறையவில்லை, குதிரையின் பலமும் ஏறவில்லை, ஆனாலும் சறுக்கிக்கொண்டிருந்த குதிரை கிளம்பிவிடும்.