முன்பு குடியிருந்தவரின் கடிதங்கள்: வீட்டுக்காரரிடம் எதைக் கேட்பது?

கேள்வி: கொக்குவிலில் வாடகைக்கு வந்திருக்கிறோம். முன்பு இருந்தவரின் பெயரில் கடிதமும் பார்சலும் வந்தபடி இருக்கின்றன. வீட்டுக்கார அன்ரி கனடாவில். அவரிடம் இதை எப்படிக் கேட்பது?

பதில்:

முதலில், பழைய ஆட்களின் போன் நம்பரைக் கேட்காதீர்கள். இன்னொருவரின் நம்பரைக் கொடுக்க அன்ரி தயங்குவார், தயங்குவதும் நியாயம். உங்கள் நம்பரை அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அதோடு, "ஏதாவது செய்யுங்கோ அன்ரி" என்று பொதுவாகச் சொன்னால் "ஓம் பிள்ளை, சொல்லிவிடுறன்" என்பதோடு கதை முடிந்துவிடும். யார் வந்து வாங்குவது, எந்த முகவரிக்கு அனுப்புவது, எதுவரை எடுத்துவைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் பழையவரின் நிரந்தர முகவரி எழுதியிருக்கும். அந்தப் பிரதி அன்ரியிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இதை அவர் வழியாகச் செய்வது நல்லது.

கேட்பதற்கு முன்பு, வருகிறவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கையெழுத்துக் கேட்காதவை, கையெழுத்துக் கேட்பவை. கேற்றுக்குள் போட்டுவிட்டுப் போகும் சாதாரணக் கடிதத்தை எடுத்துவைப்பதில் சிக்கல் இல்லை. திறக்காமல், நனையாமல் இருந்தால் சரி. பதிவுத் தபாலில்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அதை நீங்களும் வாங்கக்கூடாது, அன்ரிக்காகப் பக்கத்து வீட்டில் இருக்கும் சொந்தக்காரரும் வாங்கக்கூடாது. பலர் உதவி என்று நினைத்துத்தான் கையெழுத்து வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கையெழுத்தோடு, கடிதம் அந்த முகவரியில் சேர்ந்துவிட்டது என்று அனுப்பியவரின் பக்கத்தில் பதிவாகிவிடும். சிவில் வழக்கின் அழைப்பாணைகூட வழமையாகப் பதிவுத் தபாலில்தான் வரும். ஆளுக்குத் தெரியாமலே அது சேர்ந்ததாகிவிட்டால், பிறகு அவர் என்ன பாடுபட்டு விளக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருநெல்வேலியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இப்படி ஒன்று நடந்தது. எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் வேலை மாற்றலாகி வவுனியாவுக்குப் போயிருந்தார்கள். ஒருநாள் தபால்காரர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, பதிவுக் கடிதமும் கையெழுத்துத் தாளுமாக வந்தார். உறையின் மூலையில் ஒரு வங்கியின் பெயரும் கிளையும், கீழே அந்த அக்காவின் பெயரும் இருந்தன. அம்மா பேனையை எடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லி, "ஐயா, அவையள் வீடு மாறிப் போயிட்டினம், இப்ப நாங்கள்தான் இருக்கிறம்" என்றேன். "அப்ப திருப்பி அனுப்பவே?" என்று கேட்டு, உறையில் காரணத்தைக் குறித்துக்கொண்டு போனார். நான் உடனேயே வீட்டுக்கார அண்ணைக்கு, இன்ன வங்கி, இன்ன கிளை, இன்று வந்து திரும்பிப் போகிறது என்று ஒரு வரி அனுப்பினேன். அவர் அன்றிரவே அந்த அக்காவுக்குச் சொல்லிவிட்டார். அடைவு வைத்த நகைக்குத் தவணை முடிந்து, ஏலத்துக்கு முன் வரும் அறிவித்தல் அது. அக்கா வங்கிக்கே போன் எடுத்துக் கதைத்து, வட்டியைக் கட்டி, புது முகவரியையும் பதிந்துவிட்டார். கடிதம் அவருடைய கைக்குப் போகவில்லை, விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. பதிவுத் தபாலில் வீட்டுக்காரரிடம் நாம் கேட்க வேண்டிய உதவி இவ்வளவுதான்: அனுப்பியவர் யார் என்பதை அன்றே சொல்லிவிடுவது. உறை திரும்பிப் போவதும் நல்லதே. ஆள் அங்கே இல்லை என்று வங்கிக்குத் தெரிவது அப்போதுதான்.

பார்சல் வேறு மாதிரி. கூரியர் பொடியன் கொண்டுவரும் பெட்டியில் பெறுபவரின் போன் நம்பர் ஒட்டியிருக்கும். "அவையள் இஞ்ச இல்லை தம்பி, அந்த நம்பருக்கு எடுத்துக் கேளுங்கோ" என்றால் அவரே எடுத்துப் பேசுவார். காசு கொடுத்து வாங்க வேண்டிய பார்சல் என்றால் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அன்ரி கேட்டால்கூட, பழையவர் முதலில் உங்களோடு பேசட்டும். காசு கட்டாத பார்சலை வாங்கி வைக்கலாம், ஆனால் பழையவர் ஒத்துக்கொண்ட செய்தி உங்களுக்கு வந்த பிறகு மட்டும். உள்ளே உடைந்திருந்தால், குறைந்திருந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அன்ரிக்குச் செய்தியாகவே எழுதுங்கள். போனில் கதைத்தாலும் பிறகு எழுத்தில் போடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"அன்ரி, வணக்கம். முன்பு இருந்தவையளின் பேரில் மூன்று கடிதம் வந்திருக்கு, உறைகளின் முன்பக்கப் படம் அனுப்பியிருக்கிறன். ஒன்றும் திறக்கேல்லை, ஒரு பையில போட்டு வைச்சிருக்கிறன். அவையளுக்குச் சொல்லி, யாராவது வந்து எடுப்பினமா, இல்லாட்டி எந்த முகவரிக்கு அனுப்புறது எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. என்ர நம்பரையும் குடுங்கோ. பதிவுத் தபாலும் காசு கட்டுற பார்சலும் நாங்கள் வாங்கமாட்டம், வந்தால் உங்களுக்கு உடனே சொல்லுவன். தை மாதக் கடைசி வரைக்கும் எடுத்து வைக்கிறம். அதுக்குப் பிறகு வாறதைத் தபால்காரரிட்டயே திருப்பிக் குடுப்பம்."

படத்தை அன்ரிக்கு மட்டும் அனுப்புங்கள். ஒழுங்கை ஆட்களின் வைபர் குழுவில் "இது யாருடையது" என்று போடாதீர்கள். யாருக்கு எந்த லீசிங் கம்பனியிலிருந்து கடிதம் வருகிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் அல்ல.

யாரையாவது அனுப்பி எடுப்பதாக அவர்கள் சொன்னால், வருகிறவரின் பெயரை அன்ரி முன்கூட்டியே உங்களுக்கு எழுதட்டும். கொடுக்கும்போது உறைகளை மேசையில் பரப்பி ஒரு படம் எடுத்து, கொடுத்துவிட்டதாக அதே உரையாடலில் போட்டுவிடுங்கள். முகவரிக்கு அனுப்பச் சொன்னால், சாதாரணக் கடிதத்தில் உங்கள் வீட்டு முகவரியைப் பேனையால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் புது முகவரியைத் தெளிவாக எழுதிப் பெட்டியில் போடுங்கள். உறையின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் அனுப்பியவர் முகவரியில் கை வைக்க வேண்டாம். புது இடத்திலும் ஆள் இல்லை என்றால் அது திரும்பிப் போக அந்த முகவரிதான் வழி. கடிதங்கள் நிறைய வருகிறது என்றால், பழையவரே தன் கையெழுத்தோடு உங்கள் பகுதித் தபாலகத்தின் தபாலதிபருக்கு எழுதிக் கொடுத்துப் பேசுவது நல்லது. அன்ரி அதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம், அவருக்குப் பதிலாக எழுதிக் கொடுக்கக்கூடாது.

நாள் குறிப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். நாள் இல்லாவிட்டால் ஒருவரும் வங்கியிலோ காப்புறுதியிலோ முகவரியை மாற்றுவதில்லை. அந்த நாளுக்குப் பிறகு வருகிற உறையில் "இந்த முகவரியில் இல்லை" என்று எழுதி, திறக்காமல் தபால்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்றை அன்ரியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால், கடன் கொடுத்த இடத்திலிருந்து ஆள் நேரே கேற்றடிக்கு வரக்கூடும். அப்படி வந்தால் அன்ரியின் நம்பரைக் கொடுக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்தவருக்கு உங்கள் வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைத் திகதியோடு காட்டினால் போதும். அடையாள அட்டைப் பிரதி கேட்டால் கொடுக்க வேண்டாம், அவர்கள் நீட்டும் தாளிலும் கையெழுத்து வைக்க வேண்டாம்.