போர்ட், போரிங்: குழப்பம் ‘எனக்கு’ என்ற சொல்லில் தொடங்குகிறது

கேள்வி: அலுவலகத்தில் “ஐ ஆம் போரிங்” என்று சொன்னேன், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். போர்ட், போரிங், இன்டரஸ்டட், இன்டரஸ்டிங் இவற்றில் எது எங்கே வரும்? எத்தனை முறை படித்தாலும் மறந்துபோகிறது.

பதில்:

என் முதல் வேலை விண்ணப்பத்தில் “ஐ ஆம் வெரி இன்டரஸ்டிங் இன் திஸ் ஜாப்” என்று எழுதியிருந்தேன். நேர்காணலில் ஒருவர் அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு, “நீங்கள் சுவாரசியமானவரா என்பதை நாங்கள் அல்லவா சொல்ல வேண்டும்?” என்றார். காரணம் புரியாமல் நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். புரிய இன்னும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே உங்கள் மறதியைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இதில் நம்மைத் தடுக்கி விழவைப்பது தமிழ்தான். “எனக்குச் சலிப்பாக இருக்கிறது” என்கிறோம். “படம் சலிப்பாக இருக்கிறது” என்றும் சொல்கிறோம். இரண்டிலும் ‘சலிப்பாக இருக்கிறது’ மாறவே இல்லை. சலிப்பு யாருக்கு, அதற்குக் காரணம் எது என்பதை ‘எனக்கு’ என்பதில் ஒட்டியிருக்கும் ‘கு’ காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த ‘கு’ கிடையாது. நானும் எழுவாய், படமும் எழுவாய். அதனால் வேறுபாடு முழுவதையும் உணர்வுச் சொல்லின் வால்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

வினையும் வேறு விதம். நாம் வியக்கிறோம், குழம்புகிறோம், சலிக்கிறோம். தமிழில் இவை நமக்குள்ளேயே நடப்பவை, தன்வினைகள். ஆங்கிலத்தில் சர்ப்ரைஸ், கன்ஃப்யூஸ், போர் எல்லாம் பிறவினைகள்: வியக்கவைப்பது, குழப்புவது, சலிப்பூட்டுவது. “த ஃபிலிம் போர்ஸ் மீ” என்றால் படம் வேலை செய்கிறது, நான் அதை வாங்கிக்கொள்கிறேன். வேலை செய்வதற்கு ‘இங்’ வால், வாங்கிக்கொள்பவருக்கு ‘ஈ-டி’ வால். இன்டரஸ்ட் என்பதையும் இப்படி ஒரு வினையாகப் பார்த்த பிறகுதான் எனக்குக் கதவு திறந்தது. அதுவரை அது ‘ஆர்வம்’ என்ற பெயர்ச்சொல்லாக மட்டுமே மண்டையில் இருந்தது.

இப்போதும் சந்தேகம் வந்தால் நான் மனதுக்குள் தமிழில் ‘ஊட்டும்’ என்று போட்டுப் பார்க்கிறேன். சலிப்பூட்டும் என்றால் போரிங், சலிப்படைந்த என்றால் போர்ட். ஆர்வமூட்டும் என்றால் இன்டரஸ்டிங், ஆர்வம் கொண்ட என்றால் இன்டரஸ்டட். குழப்பும் விளக்கம் கன்ஃப்யூஸிங், குழம்பிய மாணவன் கன்ஃப்யூஸ்ட். நீங்கள் சொன்ன வாக்கியத்தை இதில் போட்டுப் பாருங்கள்: “நான் சலிப்பூட்டுகிறவன்” என்று வரும். வாக்கியம் இலக்கணப்படி சரி, பொருள்தான் வேறு. கணினியின் பிழைதிருத்தி இதைப் பெரும்பாலும் பிடிக்காமல் விடுவதும் அதனால்தான்.

‘இங்’ பக்கம் நம்மை இழுக்கும் இன்னொரு காரணம் காலம். “ஐ ஆம் கோயிங்” என்றால் போய்க்கொண்டிருக்கிறேன் என்று பள்ளியில் படித்தோம். போர் அடித்துக்கொண்டுதானே இருக்கிறது, ஆகவே போரிங் என்று மனம் கணக்குப் போடுகிறது. ‘ஈ-டி’ என்றதும் நேற்று நடந்தது என்ற நினைப்பு வேறு. இந்த இடத்தில் இரண்டு வாலுக்கும் காலத்தோடு தொடர்பில்லை. இன்றும் போர்ட், நேற்றும் போர்ட்; இடையில் உள்ள ஆம், வாஸ் மட்டும் மாறும்.

“மனிதருக்கு ‘ஈ-டி’, பொருளுக்கு ‘இங்’” என்று பல வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அந்தச் சூத்திரம் பிடிக்காது. போரிங் டீச்சர் என்பது முழுக்கச் சரியான தொடர். வகுப்பைத் தூங்கவைப்பவர் அவர். போர்ட் டீச்சர் தானே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம், அப்படி ஒருவரிடம் நான் படித்திருக்கிறேன். பொருள் பக்கமும் சூத்திரம் முழுதாக நிற்பதில்லை. கன்ஃப்யூஸிங் எக்ஸ்ப்ளனேஷன் கேட்பவரைக் குழப்புவது. கன்ஃப்யூஸ்ட் எக்ஸ்ப்ளனேஷன் என்றால் விளக்கமே குழம்பிக் கிடக்கிறது, சொன்னவருக்கே தெளிவில்லை என்று அர்த்தம். மேலாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது இந்த இரண்டாவதைக் கவனமாகப் பயன்படுத்துங்கள்.

எல்லா வினைக்கும் இந்த ஜோடி அமையாது. பயந்தவர் ஸ்கேர்ட், ஆனால் பயமுறுத்தும் படம் பொதுவாக ஸ்கேரி. மன அழுத்தத்தில் இருப்பவர் ஸ்ட்ரெஸ்ட், அழுத்தம் தரும் வேலை ஸ்ட்ரெஸ்ஃபுல். அசந்துபோனவர் இம்ப்ரெஸ்ட், அசத்திய பேச்சு இம்ப்ரெஸிவ். ‘ஊட்டும்’ சோதனை எந்தப் பக்கம் என்பதைக் காட்டும். அந்தப் பக்கத்தில் எந்தச் சொல் புழங்குகிறது என்பதற்கு ஓர் அகராதியைத்தான் திறக்க வேண்டும்.